கொடி பறப்பது பிரான்சுக்கு, தெரு இருப்பது புதுச்சேரியில்

மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல் சட்டம், சுவரில் நீலத் தகட்டில் ‘Rue’ என்று தொடங்கும் தெருப்பெயர். தள்ளி ஒரு கட்டடத்தின் மேல் நீலம், வெள்ளை, சிவப்பு நிறத்தில் ஒரு கொடி. இப்படி ஒரு படத்தைக் காட்டி ‘எந்த ஊர்?’ என்று கேட்டால், அதிகம் யோசிக்காதவர் பிரான்ஸ் என்றுதான் சொல்வார். புதுச்சேரிக்காரர் சிரித்துவிடுவார்.

அந்தக் கொடி போலி இல்லை. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுத் தூதரகம் இருக்கிறது. தூதரகக் கட்டடத்தில் தன் நாட்டுக் கொடியைப் பறக்கவிடும் உரிமையை 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் தருகிறது. ஆனால் கொடி எந்த நாட்டுடையதாக இருந்தாலும், அது நிற்கும் மண் இந்திய மண்தான். கட்டடம் யாருடையது என்பதைத்தான் கொடி சொல்கிறது. ஊர் எது என்று அதைக் கேட்டுப் பயனில்லை. காற்று இல்லாத நாளில் அதுவும் சந்தேகம்தான். துவண்டு தொங்கும் துணியில் பட்டைகள் நெடுக்கா, குறுக்கா என்று தெரியாது. அதே மூன்று நிறங்களைப் படுக்கைவாட்டில் அடுக்கினால் நெதர்லாந்துக் கொடி.

விடை நீலத் தகட்டிலேயே இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பிரெஞ்சுப் பெயரோடு தமிழும் தெரியும். தெருவில் சிவப்புத் தொப்பி அணிந்த போலீஸ்காரர் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

சரி, கொடியை விட்டுவிட்டு அரசுப் பலகையை நம்பலாமா? ‘புதுச்சேரி அரசு’ என்று எழுதிய பலகை படத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். அந்த அரசின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு பகுதிகள் உள்ளன. தமிழ்நாடு சூழ்ந்த காரைக்கால், கேரளத்தில் அரபிக்கடலோரம் மாஹே, ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம் ஏனாம், பிறகு புதுச்சேரி. நான்கிலும் அரசு ஒன்றே. பலகையின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள்: மலையாளம் என்றால் மாஹே, தெலுங்கு என்றால் ஏனாம். தமிழாக இருந்தால் புதுச்சேரியா காரைக்காலா என்ற கேள்வி மிஞ்சும். அப்போது வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் உதவும். PY-01 புதுச்சேரி, PY-02 காரைக்கால், PY-03 மாஹே, PY-04 ஏனாம். ஒரு வண்டியை மட்டும் நம்பக்கூடாது, அது ஊர்சுற்ற வந்ததாக இருக்கலாம். வரிசையாக நாலைந்து வண்டிகளில் அதே எண் என்றால் ஏறக்குறைய உறுதி.

சின்னங்களுக்கும் இதே கதைதான். கோபுரமும் ‘வாய்மையே வெல்லும்’ என்ற சொற்களும் கொண்ட தமிழ்நாட்டு முத்திரை டெல்லித் தமிழ்நாடு இல்லத்திலும் இருக்கும், பெங்களூருக்குப் போகும் அரசுப் பேருந்திலும் இருக்கும். அந்தப் பேருந்துக்குப் பின்னால் உள்ள கடையில் கன்னடப் பெயர்ப்பலகை தெரிகிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஊரைச் சொல்லவேண்டும்.