வியாழன் இரவு விழுந்த நியூயார்க், வெள்ளி மாலை திறந்த நிஃப்டி

அமெரிக்கச் சந்தை விழுந்தால் மறுநாள் நம் சந்தையும் விழும் என்று பங்குச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்த எல்லோருமே கேட்டிருப்பார்கள். இதை ஒரு விதியாகவே எழுதிவிடலாம். எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரு சதவீதத்துக்கு மேல் விழுந்தால், நிஃப்டி திறந்ததும் விற்க வேண்டும், அன்றே சந்தை முடிவதற்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும். சொந்தப் பணத்தைப் போடும் முன் இந்த விதியைப் பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். இரண்டு சந்தைகளின் தினசரி விலைகளையும் இறக்கி, தேதிக்குத் தேதி ஒட்டி, லாப நஷ்டத்தைக் கூட்டினால் வரைபடம் சரசரவென்று மேலே ஏறும். அப்படி ஏறும்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் என்று பார்க்க 2024 தீபாவளி வாரம் வசதியானது. அக்டோபர் 31, வியாழக்கிழமை. நிஃப்டி வழக்கம்போல் காலை 9:15-க்குத் திறந்து, மாலை 3:30-க்குச் சுமார் அரை சதவீதச் சரிவோடு முடிந்தது. அதற்கும் மூன்றரை மணி நேரம் கழித்து, நம் நேரம் இரவு 7 மணிக்குத்தான் நியூயார்க் திறந்தது. அங்கே மாலை நான்கு மணிக்குச் சந்தை மூடியபோது இங்கே வெள்ளிக்கிழமை அதிகாலை 1:30. எஸ் அண்ட் பி அன்று 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக விழுந்திருந்தது.

ஆனால் இறக்கி வைத்த இரண்டு கோப்புகளிலும் அந்த நாளின் பெயர் `2024-10-31`தான். தேதியை வைத்து ஒட்டினால் இரண்டும் ஒரே வரிசையில் வந்து உட்காரும். விதி அந்த வரிசையைப் பார்த்து, அமெரிக்கா விழுந்திருக்கிறது, நிஃப்டியை விற்கலாம் என்று வியாழன் காலை 9:15-க்கே முடிவெடுக்கும். அந்த விழுச்சி முழுதாகத் தெரிய இன்னும் பதினாறு மணி நேரம் இருக்கிறது. அன்றைய நிஃப்டியின் சரிவையும் தன் கெட்டிக்காரத்தனமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். நடக்காததைத் தெரிந்துகொண்டு வர்த்தகம் செய்யும் இந்தக் கோளாறு ஒருநாள் இருநாள் அல்ல, பத்து வருடத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும்.

கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் இதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பத்தியை `shift(1)` என்று ஒரு வரிசை கீழே தள்ளிவிடுவார்கள். பெரும்பாலான நாட்களில் இது சரியாகவே வேலை செய்யும், அதனால்தான் இதன் ஓட்டை கண்ணில் படுவதில்லை. இரு நாட்டுக்கும் விடுமுறைகள் வேறு வேறு. 2024 நவம்பர் 20 அன்று மகாராஷ்டிரத் தேர்தலுக்காக மும்பையில் சந்தை இல்லை, நியூயார்க்கில் உண்டு. இரு பக்கமும் இருக்கும் தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒட்டினால் 20-ஆம் தேதி வரிசையே காணாமல் போகும். அப்புறம் ஒரு வரிசை தள்ளினால், 21-ஆம் தேதி காலை நிஃப்டிக்கு எதிரே 19-ஆம் தேதி அமெரிக்க முடிவு நிற்கும். 20-ஆம் தேதி அமெரிக்க முடிவு அன்று அதிகாலை 2:30-க்கே தெரிந்திருந்தும் விதி அதைப் பார்க்காது.

அடுத்த வாரம் இதன் மறுபக்கம். நவம்பர் 28 அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, நமக்கு வேலை நாள். நிஃப்டி அன்று ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் விழுந்தது. தேதி ஒட்டலில் அந்த நாளும் போய்விடும். இவ்வளவு பெரிய சரிவு நாள் சோதனையில் இல்லவே இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் வராது. சரி, காலி இடத்தை முந்தைய நாள் மதிப்பால் நிரப்பலாம் என்று `ffill` போட்டால் வேறு சிக்கல். சதவீத மாற்றத்தை அப்படி நிரப்பினால், அமெரிக்காவின் ஒரே விழுச்சிக்கு நிஃப்டியை அடுத்தடுத்து இரண்டு நாள் விற்போம்.

இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். நமக்கு வேண்டியது ஒரு விலை எந்தத் தேதிக்குரியது என்பதல்ல, அது எந்த நொடியில் தெரியவந்தது என்பது. அதனால் அமெரிக்காவின் ஒவ்வொரு நாளுக்கும் சந்தை மூடிய நேரத்தையும், நிஃப்டியின் ஒவ்வொரு நாளுக்கும் திறந்த நேரத்தையும் யுடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு நிஃப்டி திறப்புக்கும் முன்பு கடைசியாகத் தெரிந்த அமெரிக்க விலையைத் தேடி எடுக்க வேண்டும்.

```python
us = us.sort_values("us_known")
nf = nf.sort_values("open_utc")
df = pd.merge_asof(nf, us[["us_known", "us_close"]],
                   left_on="open_utc", right_on="us_known",
                   allow_exact_matches=False)
df["us_ret"] = df["us_close"].pct_change()
```

இதில் கடைசி வரியின் இடம் முக்கியம். சதவீத மாற்றத்தை ஒட்டுவதற்கு முன்பு கணக்கிடாமல், விலையை ஒட்டிவிட்டுப் பிறகு கணக்கிடுகிறோம். நவம்பர் 21 காலைக்கு, 19, 20 ஆகிய இரண்டு நாள் அமெரிக்க மாற்றமும் சேர்ந்து தானாக வந்துவிடும். நவம்பர் 29 காலைக்கு அமெரிக்காவிலிருந்து புதிதாக எதுவும் இல்லை, ஆகவே மாற்றம் சுழியம், விதி சும்மா இருக்கும். விடுமுறைக்கென்று தனியாக ஒரு `if` கூடத் தேவைப்படவில்லை.

`us_known` பத்தியை நிரப்புவதில்தான் கடிகாரம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு இழுக்கிறார்கள். நாம் தொடுவதில்லை. நாம் எடுத்துக்கொண்ட வாரத்திலேயே நவம்பர் 3 ஞாயிறு அந்த மாற்றம் நடந்தது. வெள்ளிக்கிழமை நம் நேரம் இரவு 7 மணிக்குத் திறந்த நியூயார்க், திங்கட்கிழமை 8 மணிக்குத் திறந்தது. இடைவெளி ஒன்பதரை மணி நேரம் என்று கோடில் எண்ணாக எழுதி வைத்திருந்தால் அன்றிலிருந்து ஐந்து நிமிட கேண்டில்கள் எல்லாம் பன்னிரண்டு தள்ளி நிற்கும். `America/New_York`, `Asia/Kolkata` என்று இடத்தின் பெயரைக் கொடுத்து, கணக்கை நூலகத்திடம் விடுவதே வழி. அங்கும் ஒரு பழைய பொறி இருக்கிறது. `pytz` நூலகத்தில் நேர மண்டலத்தை `localize` செய்யாமல் நேரடியாக `tzinfo`-வில் ஒட்டினால், கொல்கத்தா 5:30-க்குப் பதில் 5:53 என்று நிற்கும். அது பழைய கல்கத்தா உள்ளூர் நேரம். (அதே தரவுத்தொகுப்பில் 1906-க்கு முந்தைய வரியில் 5:21:10 என்று நம் மெட்ராஸ் நேரமும் பத்திரமாக இருக்கிறது.) கேண்டில்கள் 23 நிமிடம் தள்ளி நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பைத்தானோடு வரும் `zoneinfo`-வில் இந்தத் தொல்லை இல்லை.

சந்தை சீக்கிரம் மூடும் நாட்கள் இன்னொரு வகை. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் நியூயார்க் பகல் ஒரு மணியோடு கடையை மூடிவிடும். சந்தை நாட்காட்டி நூலகத்திடம் கேட்டால் இது தெரியும்.

```python
import pandas_market_calendars as mcal
mcal.get_calendar("NYSE").schedule("2024-11-25", "2024-11-29")
```

28-ஆம் தேதிக்கு வரிசையே இருக்காது. மற்ற நாட்களில் `market_close` 21:00 யுடிசி, 29-ஆம் தேதி மட்டும் 18:00. வழக்கமான நாளில் 78 ஐந்து நிமிட கேண்டில்கள் என்றால் அன்று 42 மட்டும்.

இதை அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தீபாவளியே சாட்சி. 2024 நவம்பர் 1 வெள்ளிக்கிழமை சந்தை விடுமுறை, ஆனால் மாலை 6 முதல் 7 வரை முகூர்த்த வர்த்தகம். முந்தைய இரவு அமெரிக்கா விழுந்ததால் நம் விதி அன்றைய முதல் கேண்டிலில், அதாவது மாலை 6 மணிக்கு, நிஃப்டியை விற்கும். வெளியேறும் விதியை, நேரம் 15:20 ஆனதும் திரும்ப வாங்கு என்று `==` போட்டு எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அன்று 15:20 கேண்டிலே இல்லை. நிஃப்டி அந்த ஒரு மணி நேரத்தை முந்தைய முடிவைவிடச் சற்று உயர்ந்தே முடித்தது, விற்ற நிலை மூடப்படாமல் திங்கட்கிழமைக்குப் போனது. திங்கள், நவம்பர் 4, நிஃப்டி சுமார் 1.3 சதவீதம் விழுந்தது. அன்று 15:20-க்குத்தான் கோட் திரும்ப வாங்கும், நல்ல லாபத்தோடு. ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று எழுதிய விதி, வார இறுதியைத் தாண்டி மூன்று நாள் நிலையை வைத்திருந்து பணம் பண்ணியதாகக் காட்டும். நஷ்டம் வந்திருந்தால் யாராவது தோண்டிப் பார்த்திருப்பார்கள். `>=` போட்டிருந்தால் இதற்கு எதிர்ப்பக்கம் விழுவோம். 18:00 என்பது 15:20-ஐவிடப் பெரியது, ஆகவே நுழைந்த நொடியே வெளியேறிவிடும். கடிகார நேரத்தை எழுதாமல், அன்றைய முடிவு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு என்று எழுதுவதே சரி. அந்த முடிவு நேரம் நாளுக்கு நாள் நாட்காட்டியிலிருந்து வர வேண்டும்.

நாட்காட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சனி ஞாயிறு சந்தை இல்லை என்ற கணக்கு 2023-இல் ஞாயிறன்று நடந்த முகூர்த்த வர்த்தகத்திடமும், 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை பட்ஜெட்டுக்காக நடந்த முழு நாள் வர்த்தகத்திடமும் தோற்றுப்போகும். முகூர்த்த நேரமும் நிலையானதல்ல, 2025-இல் அதைப் பிற்பகல் 1:45-க்கு மாற்றினார்கள். 2024 ஜனவரி 22 திங்கட்கிழமை அயோத்தி விழாவுக்காகக் கடைசி நேரத்தில் விடுமுறை ஆனது, அதற்குப் பதிலாக 20-ஆம் தேதி சனிக்கிழமை முழு நாள் சந்தை நடந்தது. இன்று இறக்கும் நாட்காட்டியில் 22 விடுமுறை என்று ஒழுங்காகவே இருக்கலாம். ஆனால் விடுமுறைக்கு இரண்டு வர்த்தக நாள் முன்பு நிலையை மூடு என்ற விதியை அதை வைத்துச் சோதித்தால், அன்றைக்கு யாருக்கும் தெரியாத செய்தியைக் கோட் தெரிந்துவைத்திருக்கும். தேதி ஒட்டலில் பார்த்த அதே கோளாறு இங்கே நாட்காட்டி வழியாக உள்ளே வருகிறது. 2025 ஜனவரி 9 அன்று ஜிம்மி கார்ட்டருக்கு அஞ்சலியாக நியூயார்க் மூடியதும் முன்கூட்டியே வெளியான பட்டியலில் எதிர்பார்க்க முடியாத விடுமுறைதான்.

எந்த நாட்காட்டியிலும் தேட முடியாத நாளும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை தொழில்நுட்பக் கோளாறால் காலை 11:40-க்கு நின்று, பிற்பகல் 3:45-க்கு மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடந்தது. நாட்காட்டிப்படி அது சாதாரண நாள். தரவில் மட்டும்தான் உண்மை இருக்கிறது. அதனால் எந்த விதியையும் ஓட்டும் முன் ஒரு சிறு வேலை செய்துவிடுவது நல்லது. ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை கேண்டில், முதலாவது எத்தனை மணிக்கு, கடைசி எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டு, ஐந்து நிமிடத் தரவில் 75 கேண்டில், 9:15, 15:25 என்று இல்லாத நாட்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கேண்டிலின் பெயர் அதன் தொடக்க நேரமா முடிவு நேரமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கடைசி கேண்டில் 15:30 என்று வந்தால் அது முடிவு நேரம். தள்ளி வரும் நாட்கள் கையால் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்கும். தேதிகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்திகளோடு ஒப்பிட்டு, அன்றைய உண்மையான திறப்பு, முடிவு நேரங்களைத் தனிக் கோப்பில் எழுதி, நாட்காட்டியின் மேல் அதைப் பூச வேண்டும். விளக்கம் கிடைக்காத நாள் இருந்தால் அந்த நாளைச் சோதனையிலிருந்து தெரிந்தே நீக்கி, நீக்கியதை அறிக்கையில் குறித்துவைக்கலாம்.