வெட்டுப்புள்ளியும் இலக்கும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த தேற்றாத்தீவிலே உயர்தர வகுப்பு மாணவர் பலரோடு உரையாடியிருக்கிறேன். "சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி என்ன?" என்பதே அவர்கள் முதலில் வினவுவது. வினா நன்றே, ஆனால் ஓராண்டின் எண் இலக்காகாது.

வெட்டுப்புள்ளி என்பது பரீட்சகர் முன்கூட்டி வரைந்த எல்லையன்று. ஒரு கற்கைநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து தெரிவானோருள் இறுதியானவர் பெற்ற இசட் புள்ளியே அது. ஆதலின் அது இடங்களின் தொகையையும் போட்டியிடுவோரின் தரத்தையும் பொறுத்து ஆண்டுதோறும் அசையும்.

2001 இல் நடைமுறைக்கு வந்த இசட் புள்ளி, ஒரு மாணவர் தம் பாடத்தில் ஏனையோருக்கு எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதை அளப்பது. பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியமவிலகலால் வகுப்பர். மூன்று பாடங்களின் சராசரியே இறுதி இசட் புள்ளி. இரசாயனவியலில் சராசரி 40, நியமவிலகல் 15 எனக் கொண்டால், 64 பெற்றவருக்கு 1.60 கிட்டும். உயிரியலில் சராசரி 50, நியமவிலகல் 12 ஆயின், அதே 64 க்கு 1.17 மட்டுமே. ஆகவே "எழுபது எடுத்தால் போதும்" என்னும் கணக்குப் பொருந்தாது.

இனி, விளக்கத்திற்காக ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு கற்கைநெறியின் மாவட்ட வெட்டுப்புள்ளிகள் அடுத்தடுத்த நான்காண்டுகளில் 1.20, 1.32, 1.26, 1.38 என்க. சராசரி 1.29. அதனையே இலக்காகக் கொண்டவர் இரண்டு ஆண்டுகளில் வெளியே நின்றிருப்பார். நான் கூறும் முறை இது: மிக உயர்ந்த எண்ணாகிய 1.38 ஐ எடுத்து, ஓராண்டில் நேர்ந்த மிகப் பெரிய ஏற்றமாகிய 0.12 ஐ அதனோடு கூட்டுக. இலக்கு 1.50, மூன்று பாடங்களுக்கும் மொத்தம் 4.50. பௌதிகவியலில் 1.10 தான் இயலுமெனில், ஏனைய இரண்டும் தலா 1.70 ஈட்ட வேண்டும். அது இயலாதெனத் தோன்றின், வெட்டுப்புள்ளி சற்றுக் குறைந்த வேறொரு நெறியையும் விருப்பப் பட்டியலிற் சேர்ப்பதே விவேகம்.

எல்லா ஆண்டுகளும் ஒப்பிடத் தக்கனவல்ல. 2011 இற் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரை ஒன்றாக்கிக் கணித்த இசட் புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012 இல் நிராகரித்தது. இத்தகைய ஆண்டை நீக்கிவிட்டே கணக்கிடல் வேண்டும்.

தம் நிலையை அறிய வகுப்புச் சராசரியைக் கொள்ளல் ஆகாது. தளர்ந்த வகுப்பில் 64 உம் மலையாய்த் தெரியும். முன்னைய மாணவர் தவணைப் பரீட்சையிற் பெற்ற புள்ளிகளையும், பின்னர் அவர்கள் அடைந்த இசட் புள்ளிகளையும் ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் இணைத்து வைப்பாராயின், இன்றைய மாணவர் தம்மை அவர்களோடு ஒப்பிடலாம். அதனினும் நம்பத்தக்க அளவுகோல் கிராமப் பாடசாலைக்குக் கிட்டுவது அரிது.