சித்தியின் முழங்காலில் ஒரு 'லீஷன்'

படியில் கால் பிசகி விழுந்த சித்திக்கு மூன்று வாரமாகியும் முழங்கால் வீக்கம் வடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தது. எலும்பு டாக்டரைப் பார்க்க டோக்கன் கிடைத்ததோ திங்கட்கிழமைக்கு. அதுவரை உறையைப் பிரிக்காமல் எந்த வீட்டில் வைத்திருப்பார்கள்?

"தொடை எலும்புல லீஷன்னு போட்டிருக்குடா. புத்துநோய்தானே அது?" போனில் சித்தியின் குரல் கம்மியிருந்தது.

இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளை எழுதுவதுதான் என் வேலை. ஸ்கேனைப் பார்க்கும் டாக்டர், நோயாளியை அனுப்பிய டாக்டருக்கு எழுதும் கடிதம் அது. நடுவில் நோயாளி படிப்பார் என்று தெரிந்தும் எங்கள் பாஷையை நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. அது எங்கள் குறைதான்.

லீஷன் என்பது நோயின் பெயரே இல்லை. 'சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்டுத் தெரியும் ஓர் இடம்' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. பழைய தழும்பும் லீஷன், நீர்க்கட்டியும் லீஷன், புற்றும் லீஷன். எது என்று தெரிய, பக்கத்தில் நிற்கும் சொற்களைப் படிக்க வேண்டும். சித்தியின் ரிப்போர்ட்டில் இருந்தவை இவை: ஓரம் தெளிவானது, திராட்சைக் கொத்துப் போல் மடிப்பு மடிப்பானது, 1.4 சென்டிமீட்டர், எலும்பின் மேல் ஓடு அரிக்கப்படவில்லை, 'என்காண்ட்ரோமா'வாக இருக்கலாம்.

என்காண்ட்ரோமா என்பது குருத்தெலும்பால் ஆன ஒரு சாதுவான கட்டி. வளரும் வயதில் எலும்பாக மாறாமல் உள்ளேயே தங்கிவிட்ட குருத்தெலும்புத் துணுக்கு அது என்பது வழக்கமான விளக்கம். குருத்தெலும்பில் நீர்ச்சத்து அதிகம், அதனால் எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும். பெரும்பாலும் அது வலிக்காது, ஒன்றும் செய்யாது. வேறு எதற்கோ முழங்காலைப் படம் எடுக்கும்போது கண்ணில் படும். தேடிப் போனது ஒன்று, வழியில் அகப்பட்டது இன்னொன்று. இப்படி அகப்படுவதைத்தான் 'இன்சிடென்டல் ஃபைண்டிங்' என்கிறோம்.

அதற்காக, தற்செயலாகத் தெரிந்தது எல்லாமே விட்டுவிடக்கூடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே துணுக்கு எலும்பு ஓட்டை உள்பக்கமாக ஆழமாக அரித்திருந்தாலோ, உடைத்து வெளியே தசைக்குள் வந்திருந்தாலோ, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ என் எழுத்தின் தொனியே மாறியிருக்கும். காலுக்கு ஓய்வு கொடுத்தும் ராத்திரியில் குடையும் வலி இருக்கிறதா என்பது முக்கியம். அதைப் படம் சொல்லாது, நோயாளிதான் சொல்ல வேண்டும். 'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று கடைசியில் எழுதுவது இதற்காகத்தான். எங்களுக்கு வந்து சேரும் சீட்டில் பல நேரம் 'முழங்கால் வலி' என்ற இரண்டே சொற்கள்தான் இருக்கும்.

சித்தி பெரிதாக எடுத்துக்கொள்ளாத வரி இன்னொன்று உண்டு: 'மைல்ட் ஜாயின்ட் எஃப்யூஷன்'. மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல முழங்காலிலும் வழுவழுப்புக்காகச் சில மில்லி திரவம் இருக்கத்தான் செய்யும். அடிபட்டால் மூட்டின் உள்சவ்வு கூடுதலாகச் சுரக்கிறது. அது மூட்டுச்சில்லுக்கு மேலே உள்ள பையில் தேங்குகிறது, நமக்கு வீக்கமாகத் தெரிகிறது. சித்தியின் விஷயத்தில் கதை இவ்வளவுதான். உள்பக்க லிகமென்ட் சுளுக்கியிருந்தது. அது ஆற ஆற நீரும் வற்றும்.

ஆனால் 'மைல்ட்' என்பது நீரின் அளவைத்தான் சொல்கிறது, காரணத்தை அல்ல. காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தால், உள்ளே இருப்பது கொஞ்சமே என்றாலும் சீழாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். படத்தில் நாங்கள் தேடும் இன்னொரு அடையாளமும் உண்டு. தேங்கிய ரத்தத்தின் மேல் எண்ணெய்ப் படலம் போலக் கொழுப்பு மிதந்தால், எங்கோ எலும்பு விரிசல் விட்டு மஜ்ஜைக் கொழுப்பு கசிந்திருக்கிறது என்று பொருள். சித்தியின் படத்தில் அந்தப் படலம் இல்லை.

திங்கட்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் படிப்பதற்கு முன்பே முழங்காலின் உள்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். சித்தி "அம்மா!" என்று கத்தினார். லீஷன் இருந்த இடம் அதற்கு நாலு விரல் மேலே; அங்கே அழுத்தியபோது வலி இல்லை. லிகமென்டுக்குப் பட்டையும் பயிற்சியும் எழுதினார். லீஷனுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும் என்றார். குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்தால் அதில் வளையம் வளையமாகத் தெரியும். சித்தியின் எக்ஸ்ரேயிலும் அப்படியே தெரிந்தது.

"வேற எப்பவாவது இந்தக் காலுக்குப் படம் எடுத்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே, பீரோவின் மேல் பழைய காலண்டர்களோடு சுருண்டு கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். அதே இடம், அதே வளையங்கள், அதே அளவு.