மூன்று வரிக் கட்டத்துக்குள் ஒரு விபத்து

கார் இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிவத்தில் பாலிசி எண், வண்டி எண், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம் என்று வரிசையாகக் கட்டங்கள் வரும். நடுவில் எங்கோ ‘விபத்து நடந்த விதத்தைச் சுருக்கமாக எழுதவும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் மூன்று வரி, மிஞ்சினால் ஐந்து. சர்வே செய்ய வருகிறவர் முதலில் படிப்பது அதைத்தான். அங்கே எழுதியிருக்கிற கதைக்கும் வண்டியில் இருக்கிற அடிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை.

இந்தக் கட்டத்தை வண்டிக்காரர் எழுதுவது அபூர்வம். சர்வீஸ் சென்டரில் இருக்கும் பையன், “சார், நான் போட்டுக்கிறேன், நீங்க இங்க ஒரு சைன் பண்ணுங்க” என்பான். நாய் குறுக்கே வந்தது, திடீர் பிரேக், கட்டுப்பாடு இழந்து மோதியது என்று அவன் கையில் ஒரு வாடிக்கையான வாசகம் இருக்கும். பம்பர் கீறலுக்கு அது போதும். எல்லா விபத்துக்கும் போதாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு இரவில் ஒரு குடும்பம் காரில் வருகிறது. கீரனூரைத் தாண்டியதும் எதிரே ஒரு பஸ், ஹைபீம் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. இடது ஓரத்தில் ஒரு பைக் போகிறது, ஒதுங்க இடமில்லை. சாலையில் ஒரு கல். பழுதான லாரியின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, புறப்படும்போது எடுத்துப் போடாமல் விட்டுப்போன கல்லாக இருக்கலாம். காரின் அடியில் ‘டம்’ என்று சத்தம். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் போனதும் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது. ஓட்டியவர் ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கிறார். செல்போன் டார்ச்சில் பார்த்தால் சாலையில் எண்ணெய்க் கோடு. மனைவி பயந்துபோகிறார், குழந்தை அழுகிறது, அண்ணனுக்குப் போன் போகிறது, மீட்பு வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகிறது.

மறுநாள் படிவத்தில் ஏறியது இது: “இரவு வரும்போது அடியில் கல் அடித்து ஆயில் லீக் ஆகி இன்ஜின் நின்றுவிட்டது.”

படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜின் தானாக நின்றதா, ஓட்டியவர் நிறுத்தினாரா? இந்த விபத்தில் பணம் முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. கல் உடைத்தது ஆயில் சம்ப் என்கிற, இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியை. அதை மாற்ற ஆகும் செலவு வேறு. எண்ணெய் வடிந்த பிறகும் ஓட்டி, உள்ளே பேரிங்குகள் உராய்ந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால் ஆகும் செலவு வேறு; அது பல மடங்கு.

இந்தியாவில் வழங்கும் வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. விபத்துக்கோ பழுதுக்கோ பிறகு, தேவையான ரிப்பேர் செய்யாமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு. விபத்தின் தொடர்விளைவாக வரும் நஷ்டத்துக்குப் பணம் இல்லை என்று விலக்குப் பட்டியலிலும் இருக்கிறது. ‘இன்ஜின் நின்றுவிட்டது’ என்பதைப் படிக்கும் சர்வேயருக்கு, எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருக்கிறார் என்ற எண்ணம்தான் முதலில் வரும். உண்மையில் அந்த மனிதர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறார். படிவம் அதைச் சொல்லவில்லை.

சரி, மூன்று வரிக்குள் எப்படிச் சொல்வது? முதலில், வேறு கட்டம் உள்ள எதையும் இந்தக் கட்டத்தில் எழுதக்கூடாது. தேதி, நேரம், இடம், ஓட்டியவர் யார், போலீசுக்குத் தகவல் கொடுத்தீர்களா, எல்லாவற்றுக்கும் தனி இடம் இருக்கிறது. ஆனால் அங்கே முழுதாக எழுத வேண்டும். நேரம் ‘9.40’ என்றால் காலையா இரவா என்று தெரியாது. இடம் ‘திருச்சி ரோடு’ என்றால் போதாது; ‘கீரனூர் தாண்டி, திருச்சி திசையில்’ என்று எழுதினால் திசைக்குத் தனியாக ஒரு வாக்கியம் மிச்சம். போலீஸ் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், பிறகு யாரும் எதையும் எழுதிச் சேர்க்கலாம்.

அடுத்து, சேதத்தை விளக்காத எதுவும் வேண்டாம். குழந்தை அழுதது, அண்ணனுக்குப் போன் செய்தது, கல் எப்படி அங்கே வந்திருக்கும் என்ற ஊகம், மூன்றும் போகட்டும். ஊகம் போவது நல்லதும்கூட; லாரியை யாரும் பார்க்கவில்லை. பஸ் வெளிச்சம் இருக்க வேண்டும், கல் ஏன் தெரியவில்லை என்பதற்கு அதுதான் பதில். பைக்கும் இருக்க வேண்டும், ஏன் ஒதுங்கவில்லை என்பதற்கு.

மிச்சம் இருப்பதை நடந்த வரிசையிலேயே வைத்தால் இப்படி வரும்:

“எதிரே பஸ்ஸின் ஹைபீமில் சாலையில் கிடந்த கல் தெரியவில்லை, இடப்பக்கம் பைக் இருந்ததால் ஒதுங்க முடியவில்லை. கல் வண்டியின் அடியில் முன்பகுதியில் மோதியது. சுமார் 500 மீட்டரில் ஆயில் விளக்கு எரிந்ததும் நானே இன்ஜினை அணைத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை. மீட்பு வண்டியில் ஏற்றினேன். யாருக்கும் காயமில்லை. தொடர்ச்சி: இணைப்பு 1.”

பொடி எழுத்தில் இது அடங்கும். அடங்காவிட்டால் காயம் பற்றிய வாக்கியத்தை எடுக்கலாம், அதற்கு வேறு கட்டம் உண்டு. ‘மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை’ என்பதை மட்டும் எதற்காகவும் எடுக்கக்கூடாது. ‘சுமார்’ என்ற சொல்லும் இருக்கட்டும். சாலையை யாரும் நாடா வைத்து அளக்கவில்லை.

இணைப்பு என்று சொன்னால் அது ஒரு வெள்ளைத்தாள். மேலே பாலிசி எண், வண்டி எண், விபத்துத் தேதி; கீழே கையெழுத்து. படிவத்திலிருந்து கழன்று விழுந்தாலும் எந்தக் கோப்புக்குரியது என்று தெரிய வேண்டும். மீட்பு வண்டி ரசீது, போன் செய்த நேரம், சாலையில் எண்ணெய்க் கோட்டின் படம் எல்லாம் இதோடு போகும். கட்டத்துக்குள் ‘இணைப்பு 1’ என்று எழுத மறந்தால், அந்தத் தாள் இருப்பதே படிவத்துக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். இரண்டு வண்டிகள் மோதினால் இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் பொதுப் படிவம் ஒன்று அங்கே உண்டு. நின்றிருந்தது, பின்னால் மோதியது, பின்னோக்கி வந்தது என்பது போல 17 நிலைமைகள் அச்சிட்டிருக்கும். பொருந்துவதை டிக் செய்தால் போதும். அடியில், எத்தனை டிக் போட்டோம் என்று எண்ணிக்கையையும் எழுத வேண்டும். பிறகு யாரும் திருட்டுத்தனமாக இன்னொரு டிக் போட முடியாது. இந்தப் படிவத்தை வடிவமைத்தவர் மனிதர்களை நன்றாக அறிந்தவர். வண்டிகளின் நிலையை வரைந்து காட்டவும் அதில் இடம் உண்டு. நம் படிவங்கள் சிலவற்றிலும் அப்படியொரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஓர் அம்புக்குறி இரண்டு வரியை மிச்சப்படுத்தும்.

எழுத்து எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் உலோகம் தன் கதையைச் சொல்லும். சம்பில் விழுந்த கீறல் முன்னிருந்து பின்னாகப் போகிறதா, உடைந்த இடம் புதிதாகப் பளபளக்கிறதா என்று சர்வேயர் பார்ப்பார். இன்ஜினைப் பிரித்தால், பேரிங்கின் தேய்மானமே அது எண்ணெய் இல்லாமல் ஓடியதைக் காட்டிக்கொடுக்கும். விளக்கு எரிந்த பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ‘உடனே அணைத்தேன்’ என்று எழுதினால், சம்புக்கு வர வேண்டிய பணமும் சேர்ந்து சிக்கலாகும். அப்படி ஓட்டியவர், ஓட்டினேன் என்றே எழுதுவது நல்லது. சம்ப் அவருக்குக் கிடைக்கலாம். இன்ஜினுக்கு, பாலிசி எடுக்கும்போதே தனிக் கட்டணம் கட்டி இன்ஜின் பாதுகாப்புச் சேர்த்திருந்தால், அதன் நிபந்தனைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டியதுதான்.