சின்ன ஃபைல் போகிறது, பெரிய ஃபைல் ஏன் நகரவில்லை?

கிளை அலுவலகத்தில் நெட் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் காசு கொடுத்த வேகம் வருகிறது. தலைமை அலுவலக சர்வருக்கு பிங் போகிறது, லாகின் ஆகிறது, ஒரு பக்கக் கடிதம் உடனே திறக்கிறது. ஆனால் 2 ஜிபி வீடியோவை அங்கே அனுப்பினால் முதல் சில நொடி ஓடிவிட்டு ஊர்ந்து போகிறது. அங்கிருந்து இங்கே இறக்கினாலோ சுத்தமாக நின்றேவிடுகிறது. நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்தால், "லைன் சரியாக இருக்கிறது" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

லைன் மந்தமாக இருந்தால் எல்லாமே மந்தமாகத்தான் இருக்கும். சின்னது பறக்கிறது, பெரியது திணறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாக்கெட்டின் அளவை.

நெட்டில் எந்த ஃபைலும் முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக, பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒரு பாதை ஒரே தடவையில் ஏற்கும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவுக்குத்தான் எம்.டி.யூ. என்று பெயர். அலுவலகத்துக்குள் ஓடும் ஈதர்நெட் கேபிளில் அது 1500 பைட். லாகின், பிங், சின்ன ஃபைல் எல்லாம் அந்த வரம்பைத் தொடுவதே அபூர்வம். பெரிய ஃபைல் மட்டும்தான் ஒவ்வொரு பாக்கெட்டையும் விளிம்பு வரை நிரப்பி அனுப்பும்.

இரண்டு அலுவலகங்களையும் இணைக்கும் டனல், பாக்கெட்டைப் பூட்டி இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறது. அந்த வெளி உறைக்கும் இடம் வேண்டும். இப்போது பலரும் பயன்படுத்தும் வயர்கார்டு டனலை எடுத்துக்கொள்வோம். உறை ஐ.பி.வி.4 முகவரியில் போனால் 60 பைட், ஐ.பி.வி.6 முகவரியில் போனால் 80 பைட் கூடும். வெளிப்பாதை 1500 பைட் தாங்கும் என்று நம்பி, அதில் 80-ஐக் கழித்து, வயர்கார்டு வழக்கமாகத் தனக்கு 1420 என்று வைத்துக்கொள்கிறது.

அந்த நம்பிக்கை பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. வீடுகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் வரும் ஃபைபர் இணைப்புகளில் பல, யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் வருகின்றன. அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. டனல் ஐ.பி.வி.4-இல் போனால் 1420-உடன் 60 சேர்ந்து 1480 ஆகும், பிரச்சினையே வராது. ஆனால் இம்மாதிரி இணைப்புகளில் தனக்கென்று பொது ஐ.பி.வி.4 முகவரி கிடைக்காமல், டனலை ஐ.பி.வி.6-இல் போடுகிறவர்கள் ஏராளம். அப்போது 1420-உடன் 80 சேர்ந்து மிகச் சரியாக 1500 ஆகிறது. பாதையோ 1492. எட்டே எட்டு பைட் கூடுதல்.

கிளையிலிருந்து அனுப்பும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டனல் அங்குள்ள லினக்ஸ் ரவுட்டரிலேயே ஓடுகிறது. 1500 பைட் பாக்கெட் 1492-க்குள் அடங்காததால் ரவுட்டர் அதை இரண்டாக வெட்டுகிறது. முதல் துண்டு 1488 பைட். இரண்டாவது 68 பைட். அதிலும் தலைப்புகளைக் கழித்தால் உள்ளே இருக்கும் சரக்கு வெறும் 20 பைட். ஒரு லாரி நெல்லில் ஒரு படி மிஞ்சியது என்று அதற்காக இன்னொரு லாரியை ஓட்டுவது போன்றது இது. ஃபைல் முழுக்க, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதே கதை. பாக்கெட் எண்ணிக்கை இரண்டு மடங்காகிறது. ஒரு துண்டு தொலைந்தாலும் மற்றது குப்பைதான், முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டும். இரண்டாம் துண்டில் போர்ட் எண் இருக்காது என்பதால் சில ஃபயர்வால்கள் அதைத் தடுத்தும் விடும். இப்படித் துண்டாக்குவது கேடு என்று கென்ட், மோகல் என்ற இருவர் 1987-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

எதிர்த் திசையில் நிலைமை இன்னும் மோசம். தலைமை அலுவலகத்தின் லைன் முழு 1500 தாங்கும், அதனால் அங்கே பாக்கெட் வெட்டப்படாமலேயே கிளம்புகிறது. கிளைக்கு இணைப்பு தரும் கம்பெனியின் கருவிக்கு வந்ததும் 1492-க்குள் நுழைய முடியவில்லை. ஐ.பி.வி.6-இல் நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டை வெட்டக் கூடாது. ஆகவே அந்தக் கருவி பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, "பெரிதாக இருக்கிறது, 1492-க்குள் அனுப்பு" என்று ஐ.சி.எம்.பி. செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. தலைமை அலுவலக ஃபயர்வாலில் பாதுகாப்பு என்ற பெயரில் ஐ.சி.எம்.பி. மொத்தத்தையும் அடைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அனுப்பும் சர்வர் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பும், ஒன்றும் வந்து சேராது. இறக்கும்போது ஃபைல் நின்றுபோவது இதனால்தான்.

இதை உறுதிசெய்ய முதல் சோதனை, டனல் வழியாக ஒரே ஃபைலை இரண்டு அளவுப் பாக்கெட்டுகளில் அனுப்பிப் பார்ப்பதற்குச் சமம். தலைமை அலுவலகத்தில் `iperf3 -s` ஓட்டிவிட்டு, கிளையிலிருந்து:

```
iperf3 -c 10.8.0.1
iperf3 -c 10.8.0.1 -M 1200
```

இரண்டாவது கட்டளை பாக்கெட்டைச் சிறிதாக்கி அனுப்பும். முதலாவது மந்தம், இரண்டாவது வேகம் என்றால் குற்றவாளி அளவுதான். கடைசியில் `-R` சேர்த்தால் எதிர்த் திசையையும் பார்க்கலாம். இரண்டுமே மந்தம் என்றால் எம்.டி.யூ.-வை விட்டுவிட்டு ரவுட்டரின் சி.பி.யூ. பக்கம் போங்கள்.

அடுத்து பிங். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். டனலுக்குள் பெரிய பிங் அனுப்பினால் அது போய் வந்துவிடலாம். வெளி உறை இரண்டாக வெட்டப்பட்டு மறுமுனையில் ஒட்டப்படுவது உள்ளிருப்பவருக்குத் தெரியாது. எனவே டனலுக்கு வெளியே, ரவுட்டரிலிருந்து மறுமுனையின் பொது முகவரிக்கு, வெட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்ப வேண்டும். இங்கே `2001:db8::1` இருக்கும் இடத்தில் உங்கள் முகவரியைப் போடுங்கள்:

```
ping -6 -M do -s 1452 2001:db8::1
ping -6 -M do -s 1444 2001:db8::1
```

தலைப்புகளின் 48 பைட்டையும் சேர்த்தால் முதலாவது 1500, இரண்டாவது 1492. முதலாவது `message too long, mtu: 1492` என்று மறுத்து, இரண்டாவதற்குப் பதில் வந்தால் பாதையின் அளவு தெரிந்துவிட்டது.

வெட்டுவதைக் கண்ணால் பார்க்க, ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போதே ரவுட்டரில்:

```
tcpdump -ni ppp0 'ip6[6] == 44'
```

திரையில் `frag (0|1440)`, `frag (1440|20)` என்று ஜோடி ஜோடியாக ஓடும். அந்த 20 தான் நாம் பார்த்த கடைசிப் படி நெல்.

தீர்வு ஒரு கழித்தல் கணக்கு. 1492-இல் 80 போனால் 1412. வயர்கார்டு அமைப்பு ஃபைலில் `MTU = 1412` என்று இரு முனையிலும் எழுத வேண்டும். கிளையில் மட்டும் எழுதினால் தலைமை அலுவலகம் தன்பாட்டுக்கு 1420-இலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு டனல் இருப்பதே தெரியாது என்பதால், அவை பேசத் தொடங்கும்போதே அளவைக் குறைத்துச் சொல்லும்படி இரண்டு ரவுட்டரிலும் இதையும் சேர்ப்பது நல்லது:

```
iptables -t mangle -A FORWARD -o wg0 -p tcp \
  --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

இது டி.சி.பி. போக்குவரத்துக்கு மட்டுமே உதவும். யு.டி.பி.-யில் ஓடும் மென்பொருளுக்கு டனலின் எம்.டி.யூ. சரியாக இருப்பதுதான் காப்பு. தலைமை அலுவலக ஃபயர்வாலில் ஐ.சி.எம்.பி.வி.6-இன் "பாக்கெட் பெரிது" செய்தியையும் திறந்துவிடுங்கள். அதை அடைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை.

ஃபைபர் அறுந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. அந்தப் பாதையின் அளவு 1492-க்கும் கீழே இருக்கலாம், 1412 அங்கே செல்லாது. மொபைலுக்கு மாற்றிவிட்டு அதே பிங் சோதனையைச் செய்து, இரண்டு பாதைகளில் எது சிறியதோ அதிலிருந்து 80-ஐக் கழித்து வையுங்கள். அளந்து பார்க்க வசதியில்லை என்றால் 1280 என்று வைக்கலாம். பாக்கெட் எண்ணிக்கை பத்து சதவீதம் போலக் கூடும், அவ்வளவுதான்.