அடுக்கில் மிகச் சிறிய எண் எது?

உணவகத்தில் கழுவி அடுக்கிய தட்டுகளில் மேலே இருப்பதைத்தான் முதலில் எடுப்பார்கள். கணினி நிரல்களில் வரும் 'ஸ்டாக்' அமைப்பும் அப்படித்தான்: கடைசியாக வைத்ததே முதலில் வெளியே வரும். உள்ளே பத்து எண்கள் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும், ஒன்றை வைக்கவும் எடுக்கவும் ஆகும் நேரம் மாறாது. இருக்கும் எண்களில் மிகச் சிறியது எது என்ற கேள்விக்கும் அதே வேகத்தில் பதில் வேண்டுமென்றால் என்ன செய்வது?

மிகச் சிறிய எண்ணை மட்டும் தனியே குறித்துவைக்கலாம் என்று முதலில் தோன்றும். 6, 4, 9, 4, 2 என்று வரிசையாக வைக்கிறோம். குறிப்பில் 2 இருக்கிறது. மேலே உள்ள அந்த 2ஐ எடுத்துவிட்டால், அதற்கு முன் எது சிறியதாக இருந்தது என்பது குறிப்பில் இல்லை. அடுக்கு முழுவதையும் தேடித்தான் ஆக வேண்டும்.

ஆகவே பழைய சிறிய எண்களையும் மறக்கக் கூடாது. அதற்காக இரண்டாவதாக ஒரு ஸ்டாக் வைத்துக்கொள்கிறோம். புதிதாக வரும் எண், இரண்டாவதன் மேலே உள்ள எண்ணைவிடச் சிறியதாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் அங்கும் ஒரு பிரதி போகும். 6, 4, 4, 2 அங்கே சேரும், 9 சேராது. 9க்குக் கீழே 4 இருக்கிறது. 9 வெளியேறும் வரை அந்த 4 அசையப் போவதில்லை. எனவே 9 ஒருநாளும் மிகச் சிறியதாக முடியாது. எடுக்கும்போது, இரண்டு ஸ்டாக்கின் உச்சியிலும் ஒரே எண் இருந்தால் இரண்டிலிருந்தும் எடுக்கிறோம். மிகச் சிறிய எண் எப்போதும் இரண்டாவதன் உச்சியில் இருக்கும்.

பலர் சறுக்குவது 'சமமாக' என்ற நிபந்தனையில்தான். அதை விட்டுவிட்டால் இரண்டாவதில் 6, 4, 2 மட்டுமே இருக்கும். 2ஐயும் பிறகு 4ஐயும் எடுத்தால் அங்கே 6 மட்டும் மிஞ்சும். முதல் ஸ்டாக்கில் 6, 4, 9 இருக்க, பதில் 6 என்று தவறாக வரும். ஒரே எண் இரு முறை வரும் வரிசையைக் கொடுத்துப் பார்த்தால் இந்தப் பிழை உடனே வெளிப்படும்.

கூடுதல் இடம் எவ்வளவு? எண்கள் இறங்குவரிசையில் வந்தால் அத்தனைக்கும் பிரதி வேண்டும், இடம் இரட்டிப்பாகும். ஏறுவரிசையில் வந்தால் ஒன்றே போதும். பத்து லட்சம் வெவ்வேறு எண்கள் தாறுமாறாகக் கலந்து வந்தால், சராசரியாக 14 பிரதிகள்தான் சேரும்.

முதலில் வந்தது முதலில் வெளியேறும் 'க்யூ'வுக்கு இந்த உத்தி அப்படியே பொருந்தாது. அங்கே 9க்கு முன்பே 4 வெளியேறிவிடும். ஒதுக்கி வைத்த 9 பிறகு மிகச் சிறியதாகிவிடலாம்.