புளிக்காத முதல் பாட்டில்

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடும் குடும்பங்களில், ஒரு கிலோ திராட்சைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சர்க்கரை போடுவார்கள். அந்த இனிப்பில் பழகிய நாக்கு, கடையில் வாங்கிய பிரெஞ்சு பாட்டிலை முதன்முதலாகச் சந்திக்கும்போது அதிர்ந்துபோவதில் வியப்பில்லை. உலகில் விற்கும் ஒயின்களில் பெரும்பாலானவை சர்க்கரை அநேகமாக மீதமில்லாமல் புளிக்கவைக்கப்பட்டவை. பழத்திலிருந்த இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். புளிப்பை மட்டும் அது தொடுவதில்லை. ஆகவே கோப்பையில் எஞ்சுவது திராட்சையின் அமிலமும் ஆல்கஹாலும் மணமும்தான். இதைத்தான் ‘டிரை’ என்கிறார்கள்.

“எனக்கு எந்த ஒயினும் ஒத்துக்காதுண்ணா, எல்லாம் புளிக்குது” என்று லண்டனில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் ஒரு நாள் போனில் சொன்னாள். எதையெல்லாம் குடித்தாய் என்று கேட்டேன். அலுவலகத்தில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக்கோடு கொடுத்த ‘புரூட்’ என்று எழுதிய நுரை ஒயின், நியூசிலாந்தின் சோவின்யோன் பிளாங்க், இத்தாலிய உணவகத்தில் பாஸ்தாவோடு ஒரு கியான்டி. புளிப்புப் பிடிக்காத ஒருவரை ஒயினிலிருந்தே விரட்டிவிட வேண்டுமென்று யாராவது திட்டமிட்டிருந்தாலும் இந்த மூன்றைத்தான் தேர்ந்திருப்பார்கள். மூன்றும் நல்ல ஒயின்கள். ஆனால் மூன்றுமே புளிப்புக்கென்றே விரும்பப்படுபவை.

அடுத்து நான் கேட்டது, புளித்ததா துவர்த்ததா என்று. வாயில் கூச்சத்தோடு உமிழ்நீர் சட்டென்று ஊறினால் அது அமிலம். ஈறும் உதட்டின் உட்புறமும் காய்ந்து இழுத்துப் பிடித்தால் அது டானின். திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வரும் துவர்ப்பு. சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு ‘புளிக்கிறது’ என்பவர்களில் பலர் உண்மையில் முகம் சுளிப்பது துவர்ப்புக்குத்தான். மருந்து இரண்டுக்கும் வேறு. துவர்ப்பு பிடிக்காதவர் வெள்ளை ஒயினுக்குப் போனாலே பாதிச் சிக்கல் தீரும். புளிப்பு பிடிக்காதவருக்கு அது உதவாது. வெள்ளையிலேதான் மிகக் கூர்மையான புளிப்புகள் இருக்கின்றன. தங்கையின் கணக்கில் முதல் இரண்டும் தெளிவாகப் புளிப்பு. கியான்டியில் இரண்டும் சேர்ந்திருந்தன. அதைச் செய்யும் சாஞ்சோவேசே திராட்சைக்கு அமிலமும் டானினும் சேர்ந்தே அதிகம்.

மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு. ஒரு கோப்பையாக ஊற்றிக் கொடுக்கும் இடங்களில் பாட்டில் திறந்தே நாள்கணக்கில் கிடந்தால், காற்றைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியா அதை வினிகராக்கத் தொடங்கிவிடும். அந்தப் புளிப்பு நாக்குக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். வினிகர் நெடியோ நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் நெடியோ வந்தால் குறை ஒயினில் இல்லை, வைத்திருந்த விதத்தில். தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

சரி, புளிப்புதான் தொந்தரவு என்று முடிவானபின் என்ன வாங்குவது? வழி இரண்டு. ஒன்று, புளிப்பைச் சர்க்கரையால் மறைத்த ஒயின். மற்றொன்று, புளிப்பே குறைவாக உள்ள ஒயின்.

முதல் வழியைப் புரிந்துகொள்ள எலுமிச்சை ஜூஸ் போதும். சர்க்கரை போட்டதால் அதிலுள்ள அமிலம் ஒரு துளியும் குறைவதில்லை, நாக்குதான் ஏமாறுகிறது. இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் செய்யும் மொஸ்காத்தோ தாஸ்தி இந்த வகை. ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தொட்டியைக் கடுமையாகக் குளிரூட்டி அதை உறங்கச்செய்து, வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆல்கஹால் 5 சதவீதத்தையொட்டி நின்றுவிடுகிறது. ஒரு லிட்டரில் 100 கிராமுக்கும் மேல் சர்க்கரை மிஞ்சுகிறது. லேசான நுரை, பழ வாசனை. யாருக்கும் முதல் மடக்கிலேயே பிடித்துவிடும். ஆனால் இதை முதல் பாட்டிலாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குளிர்பானம்போல் உள்ளே போய்விடும். குடித்தவருக்கு ஒயினைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. சாப்பாட்டோடு வைத்தால் இரண்டாவது கோப்பைக்குள் திகட்டும்.

இரண்டாவது வழிக்குத் திராட்சை பழுக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காயில் அமிலம் அதிகம். பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். அதிலும் பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலத்தை, வெயில் காயும் ஊர்களில் பழமே எரித்துத் தீர்த்துவிடும். இரவுக் குளிர் பிடித்துவைக்கும் ஊர்களில் அது பழத்திலேயே தங்கும். தங்கை குடித்த நியூசிலாந்து ஒயினின் கூர்மை அங்கிருந்து வருவது. பின்னால் செய்முறையில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது: ஒருவகை பாக்டீரியா இந்த மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். சிவப்பு ஒயின்களில் அநேகமாக எல்லாமே இந்த மாற்றத்தைக் கடந்து வருபவை. வெள்ளையில் இது தயாரிப்பாளரின் விருப்பம். கலிபோர்னியாவின் சில ஷார்டனேக்களில் வெண்ணெய் வாசனை அடிப்பதற்குக் காரணம் இதுதான். சோவின்யோன் பிளாங்க் செய்பவர்கள் பெரும்பாலும் வேண்டுமென்றே இதைத் தவிர்த்துவிடுவார்கள். கூர்மைதானே அவர்கள் விற்கும் பொருள்.

இவ்வளவையும் லேபிளில் எழுதமாட்டார்கள். ஆனால் ஆல்கஹால் சதவீதம் கட்டாயம் இருக்கும், அதிலிருந்து நிறைய ஊகிக்கலாம். வெள்ளை ஒயினில் 14ஐ ஒட்டி இருந்தால், நன்றாகப் பழுத்து அமிலம் இறங்கிய பழமாக இருக்க வாய்ப்பு அதிகம். 5 முதல் 8 வரை இருந்தால், ஈஸ்ட்டைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், சர்க்கரை மிச்சமிருக்கிறது. 11, 12 என்றால் எச்சரிக்கை. குளிர்ந்த இடத்துப் பழம் முழுக்கப் புளித்து வந்ததாக இருக்கலாம். இது உறுதியான விதியல்ல. வெயில் அதிகமுள்ள நாடுகளில், ஒயின் சப்பென்று ஆகிவிடாமலிருக்க டார்டாரிக் அமிலத்தைத் தயாரிப்பாளரே சேர்ப்பது வழக்கம். போர்த்துகலின் வின்யோ வெர்டெ 9, 10 என்று காட்டிக்கொண்டே நாக்கைக் கூசவைக்கும்.

எண்ணைவிட நம்பகமானது திராட்சையின் பெயர். இயல்பிலேயே அமிலம் குறைந்த வெள்ளைத் திராட்சைகள் சில உண்டு. அவற்றில் தங்கைக்கு நான் சொன்னது, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் விளையும் கெவுர்ட்ஸ்ட்ராமினர். வாயில் நுழையாத பெயர்தான். கடைக்காரரிடம் எழுதிக் காட்டினால் போதும். ஒல்லியான உயர்ந்த பாட்டிலில் வரும். பழத்தின் தோல் இளஞ்சிவப்பு, ஒயின் பொன்னிறம். லிச்சிப் பழமும் ரோஜாவும் மணக்கும். லிச்சிக்கு வாசனை தரும் அதே சேர்மம் இந்த ஒயினிலும் இருப்பதால் அது வெறும் கற்பனை இல்லை. அமிலம் குறைவு, பெரும்பாலும் ஆல்கஹால் 13 சதவீதத்துக்கு மேல், பல பாட்டில்களில் கொஞ்சம் சர்க்கரையும் விட்டிருப்பார்கள். நான் சொன்ன இரண்டு வழிகளும் இந்த ஒரு பாட்டிலில் சந்திக்கின்றன.

முன்பெல்லாம் அல்சாஸ் பாட்டிலில் எவ்வளவு இனிப்பு என்பது திறந்தால்தான் தெரியும். 2021 அறுவடையிலிருந்து அதை லேபிளில் குறிப்பிடுவது கட்டாயம். ‘செக்’ என்றால் இனிப்பில்லாதது. ‘டெமி-செக்’ என்றால் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை. அதற்கு அடுத்தது ‘முவலெ’, 45 கிராம் வரை போகும். அதற்கும் மேல் ‘டூ’. முதல் பாட்டிலுக்கு டெமி-செக் சரியான இடம். முவலெ கிடைத்தாலும் பாதகமில்லை. நுரை ஒயின்களில் மட்டும் இந்தச் சொற்களை வேறு அளவில் பயன்படுத்துகிறார்கள். அங்கே ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது ‘புரூட்’டைவிட இனிப்பானது. இப்படியொரு பெயரை யார் வைத்தார்களோ, வாங்க வருகிறவரைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை.

இந்தியாவில் இறக்குமதி பாட்டிலின் விலை பயமுறுத்தும். இங்கே தேடுகிறவர்கள் குரோவர் ஜாம்பாவின் வியோனியேயைப் பார்க்கலாம். அதுவும் அமிலம் குறைந்த, பாதாமிப் பழ மணமுள்ள திராட்சை. இனிப்பு வேண்டுமென்றால் நாசிக்கின் சுலா, பழத்தைக் கொடியிலேயே கூடுதலாகப் பழுக்கவிட்டு எடுக்கும் ‘லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க்’ இருக்கிறது.

வாங்கியபின் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றக்கூடாது. கடுங்குளிரில் இனிப்பும் மணமும் அடங்கிப்போய்ப் புளிப்புதான் துருத்திக்கொண்டு நிற்கும். வெளியே எடுத்து இருபது நிமிடம் வைத்தால் 10, 12 டிகிரிக்கு வந்துவிடும். இந்த ஒயினுக்கு அது பொருத்தம். அடுத்தது, கூடச் சாப்பிடுவது. இனிப்பைத் தின்றுவிட்டு ஒயினைக் குடித்தால், ஒயினிலுள்ள கொஞ்சநஞ்ச இனிப்பும் நாக்குக்குத் தெரியாது, புளிப்பு இரட்டிப்பாகும். தங்கையின் அலுவலக விருந்தில் கேக் செய்த வேலை அதுதான். உப்பும் புளிப்பும் நேர்மாறு. உப்புப் போட்டு வறுத்த முந்திரி, சீஸ், எலுமிச்சை பிழிந்த மீன் வறுவல், இவற்றுக்குப் பின் அதே ஒயின் மென்மையாகத் தெரியும். மிளகாயை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 13, 14 சதவீத ஆல்கஹால் காரத்தோடு சேர்ந்தால் தொண்டை எரியும்.

தங்கை டெமி-செக்கைத் தேடிப்பிடித்து வாங்கிவிட்டாள். சனிக்கிழமை இரவு கூப்பிட்டு, “அண்ணா, ரோஸ்மில்க் வாசனை அடிக்குது. ஆனா புளிக்கல” என்றாள். மணம் அவளுக்குச் சற்று அதிகம் என்று அதிலேயே தெரிந்தது. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் முடித்துவிடச் சொன்னேன். அடுத்த பாட்டிலாகத் தென் பிரான்சின் வியோனியேயை எழுதி அனுப்பினேன். புளிப்பு அதே அளவு குறைவு, ரோஜா இருக்காது, சர்க்கரையும் அநேகமாக இருக்காது.